மும்பை கிளையன்ட் திருப்பி அனுப்பிய இன்வாய்ஸ்

வாசகி கேள்வி

ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். சொந்த ஊர் திருச்சி. இப்போது பெங்களூரு அல்சூரில் இருந்துகொண்டு தனியாக கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒன்பது லட்சம் போல வருகிறது. ஒரு கிளையன்ட் கேட்டார் என்று போன வருடம் ஜிஎஸ்டி பதிவு எடுத்தேன். எக்செல்லில் நானே ஓர் இன்வாய்ஸ் டெம்ப்ளேட் செய்தேன். மேலே கறுப்புப் பட்டையில் லோகோ, கீழே வரிகள், கடைசியில் நிகரத் தொகை என்று அழகாகத்தான் இருந்தது. அதில் மும்பை கம்பெனி ஒன்றுக்கு `DSN/26-27/014` என்ற எண்ணில் பில் அனுப்பினேன். மூன்று வேலை சேர்த்து 64,000. அதற்கு சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9% போட்டு, 1,500 தள்ளுபடி கழித்து, 10% டிடிஎஸ்ஸும் கழித்து 66,618 என்று முடித்திருந்தேன். "வரி தப்பு, கூட்டல் புரியவில்லை, பிரின்ட்டில் உங்கள் ஜிஎஸ்டி எண் தெரியவில்லை, டோட்டல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது" என்று அக்கவுன்ட்ஸில் திருப்பிவிட்டார்கள். 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டியே இல்லாமல் பில் போடலாம் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா? இல்லை, அரசு தரும் ஃபார்மட் ஏதாவது இருக்கிறதா? அதே எண்ணில் திருத்தி அனுப்பலாமா? இந்த மாத ரிட்டர்ன் இன்னும் போடவில்லை.

— வாசகி, பெங்களூரு

ஆடிட்டர் பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடலாம். 20 லட்சம் என்பது பதிவு எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்கான வரம்பு. அதற்குக் கீழே இருப்பவர் பதிவு எடுக்காமல் இருக்கலாம். வெளி மாநில கிளையன்ட்டுக்கு சேவை செய்தாலும் அவருக்கு அந்தச் சலுகை உண்டு. 2017 அக்டோபரிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் விரும்பி ஒரு முறை பதிவு எடுத்துவிட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது. பதிவு உயிரோடு இருக்கும்வரை, வரிக்குரிய ஒவ்வொரு வேலைக்கும் வரி போட்டே ஆக வேண்டும். பில்லில் வரியைக் காட்டாவிட்டாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையதுதான், அது உங்கள் கைக்காசில் போகும். பதிவு வேண்டாம் என்று நினைத்தால் முறையாக விண்ணப்பித்து ரத்து செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எழுதும் பில்லில் ஜிஎஸ்டி வரியே இருக்கக் கூடாது, ஏனென்றால் பதிவில்லாதவர் வரி வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. இப்போதைக்கு இந்த பில் வரியோடுதான் போக வேண்டும்.

அரசு தரும் ஃபார்மட் என்று ஒன்று கிடையாது. என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்கிறது. எங்கே, எந்த வடிவில் வைப்பது என்பது உங்கள் விருப்பம். ஆகவே டெம்ப்ளேட்டைத் தூக்கி எறிய வேண்டாம், நான்கு இடங்களைச் சரிசெய்தால் போதும்.

எந்த வரி என்பதை யார் முடிவு செய்வது

நீங்கள் பெங்களூருவில் இருப்பதால் கர்நாடக வரி என்று எடுத்துக்கொண்டீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் மாதிரி சேவைகளில், பதிவு பெற்ற கிளையன்ட்டாக இருந்தால் அவர் பதிவு இருக்கும் மாநிலம்தான் பிளேஸ் ஆஃப் சப்ளை, அதாவது சேவை போய்ச் சேர்ந்ததாகச் சட்டம் கருதும் இடம். உங்கள் மாநிலமும் அதுவும் ஒன்றாக இருந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று ஒன்பது ஒன்பதாகப் பிரியும். வேறு வேறாக இருந்தால் ஐஜிஎஸ்டி 18% என்று ஒரே வரி. மொத்தம் இரண்டிலும் ஒன்றுதானே, இதற்கு ஏன் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தோன்றும். மும்பை கம்பெனி நீங்கள் போட்ட வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளப் பார்க்கிறது. கர்நாடகக் கணக்கில் போன வரியை மகாராஷ்டிராவில் பதிவு பெற்ற கம்பெனி கழித்துக்கொள்ள முடியாது. பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் அவர்களுக்கு வெறும் செலவாகிவிடும். திருப்பி அனுப்பியதில் அவர்கள் மேல் தவறில்லை.

டெம்ப்ளேட்டில் இதை ஒவ்வொரு முறையும் யோசித்துப் போடுவதைவிட ஃபார்முலாவிடம் விட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33, டெல்லி 07. உங்கள் ஜிஎஸ்டி எண் `C5` கட்டத்தில் இருக்கிறது, வரியைத் தீர்மானிக்கும் கிளையன்ட்டின் மாநிலக் குறியீட்டை `C11` கட்டத்தில் அடிக்கிறீர்கள், வேலைகள் 14 முதல் 21 வரையான வரிசைகளில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

```
F14  =IF(D14="","",ROUND(D14*E14,2))
F22  =SUM(F14:F21)
F24  =F22-F23
F25  =IF($C$11=LEFT($C$5,2),ROUND(F24*9%,2),0)
F26  =F25
F27  =IF($C$11=LEFT($C$5,2),0,ROUND(F24*18%,2))
F28  =SUM(F24:F27)
```

`D` அளவு, `E` விலை, `F` தொகை. முதல் ஃபார்முலாவை 21-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். `F23` தள்ளுபடி, `F24` வரிக்குரிய மதிப்பு, அப்புறம் மூன்று வரிகள், கடைசியில் மொத்தம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. `C11` கட்டத்தின் வகையை முன்கூட்டியே `Text` என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் 29 என்று அடித்ததை எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஜிஎஸ்டி எண்ணிலிருந்து வெட்டி எடுத்த 29 எழுத்தாக இருக்கும். இரண்டும் சமமில்லை என்று முடிவு செய்து, பக்கத்துத் தெரு கிளையன்ட்டுக்குக்கூட ஐஜிஎஸ்டி போட்டுவிடும். கட்டம் எண்ணாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டெல்லிக் குறியீட்டை அடித்துப் பாருங்கள். 07 என்பது 7 என்று சுருங்கினால் இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம்.

பெங்களூருவில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பல டெக் பார்க்குகளில் சிறப்புப் பொருளாதார மண்டல அலுவலகங்கள் உண்டு. அந்த மண்டலத்துக்குள் இருக்கும் கிளையன்ட், கர்நாடகாவிலேயே இருந்தாலும் அது வெளி மாநில விற்பனை மாதிரிதான், ஐஜிஎஸ்டி பக்கம் போகும். அப்போது `C11` கட்டத்தில் 29-க்குப் பதில் `SEZ` என்று அடித்தால் ஃபார்முலா சரியாக வேலை செய்யும். இந்தக் கட்டம் உங்கள் கணக்குக்கு மட்டும்தான், பிரின்ட்டில் வர வேண்டாம். பில்லில் பிளேஸ் ஆஃப் சப்ளை என்று மாநிலத்தின் பெயரையும் குறியீட்டையும் தனி வரியில் எழுதுங்கள். மண்டலத்துக்கு வரியே இல்லாமல் பில் போடும் வழியும் உண்டு. அதற்கான நடைமுறை வேறு, அப்படி ஒரு கிளையன்ட் வந்தால் பில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகைச் சேவை என்று காட்டும் எஸ்ஏசி குறியீட்டைப் பொறுத்தவரை, 5 கோடி வரை விற்பனை உள்ளவர் கம்பெனிகளுக்குப் போடும் பில்லில் நான்கு இலக்கம் போட்டால் போதும். உங்களுக்கு 9983.

கூட்டல் எந்த வரிசையில் இறங்க வேண்டும்

உங்கள் பில்லில் பெரிய சிக்கல் இங்கேதான். 64,000-க்கு 18% வரி 11,520, சேர்த்தால் 75,520. அதில் தள்ளுபடி 1,500 போக 74,020. அதில் 10% டிடிஎஸ் 7,402 போக 66,618. கணக்காக இது சரி, ஆனால் வரிசை தவறு.

தள்ளுபடி வரிக்கு முன்னால் வர வேண்டும். பில்லிலேயே காட்டும் தள்ளுபடியைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வரிக்குரிய மதிப்பு. 64,000-இல் 1,500 போக 62,500. அதற்கு ஐஜிஎஸ்டி 11,250. மொத்தம் 73,750. உங்கள் முறையில், நீங்கள் வாங்காத 1,500 ரூபாய்க்கும் சேர்த்து 270 ரூபாய் வரி வசூலித்திருக்கிறீர்கள்.

பில் இந்த 73,750-லேயே முடிய வேண்டும். டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போது கிளையன்ட் பிடித்து, உங்கள் பான் பெயரில் அரசுக்குக் கட்டும் உங்கள் வருமான வரி. உங்களுக்கு வர வேண்டிய தொகை அதனால் குறைவதில்லை, ஒரு பகுதி வேறு வழியாக வருகிறது, அவ்வளவுதான். அதை பில்லுக்குள் கழித்துவிட்டால் அவர்கள் கணக்கில் எந்தத் தொகையை வரவு வைப்பது என்றே தெரியாது. சில இடங்களில் 66,618-ஐ மொத்தம் என்று எடுத்துக்கொண்டு அதிலும் ஒரு முறை டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், ஜிஎஸ்டி பில்லில் தனியாகத் தெரிந்தால், டிடிஎஸ் வரிக்குரிய மதிப்பின் மேல் மட்டும்தான் பிடிக்க வேண்டும். நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலையிலேயே 23-ஆம் எண் சுற்றறிக்கையில் இதைச் சொல்லிவிட்டது. அப்படியானால் 62,500-இல் 10%, அதாவது 6,250. உங்கள் வங்கிக்கு வர வேண்டியது 67,500. நீங்கள் எழுதியது 66,618. இந்த 882 ரூபாய் வித்தியாசம் முழுக்க வரிசை மாறியதால் வந்தது. "வரி உட்பட" என்று ஒரே தொகையாக எழுதும் டிசைனர்களுக்கு இதைவிட அதிகமாகப் பிடிபடுகிறது. ஆகவே வரிக்குரிய மதிப்புக்கு அழுத்தமான தனி வரி கொடுங்கள். அதுதான் அக்கவுன்ட்ஸில் முதலில் தேடும் எண்.

சில கம்பெனிகள் டிசைன் வேலையை ஒப்பந்த வேலை என்று கருதித் தனிநபருக்கு 1% மட்டும் பிடிக்கும். எந்த விகிதம் என்பது கிளையன்ட் எடுக்கும் முடிவு. டெம்ப்ளேட்டில் விகிதம் எழுதாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். பான் எண்ணை மட்டும் மறக்காதீர்கள். பான் இல்லையென்றால் 20% பிடித்துவிடுவார்கள்.

எண்கள் ஏன் நேராக நிற்கவில்லை

தொகைகளைக் கட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள், "₹ 1,375/-" என்று கையால் அடித்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். "கூட்டல் புரியவில்லை" என்று சொல்லும் பில்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். கடைசியில் இருக்கும் அந்தக் கோட்டினால் எக்செல் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. `SUM` எழுத்தைக் கூட்டாது, எச்சரிக்கையும் தராது, பேசாமல் தாண்டிப் போய்விடும். உங்கள் மூன்று வேலைகள் 38,000, 9,500, அப்புறம் பன்னிரண்டு போஸ்ட்டுக்குத் தலா 1,375 வீதம் 16,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தொகை எழுத்தாக இருந்தால் கூட்டல் 47,500 என்று வரும். உடனே ஆட்கள் மொத்தத்தையும் கையால் அடித்துவிடுகிறார்கள். அந்த டெம்ப்ளேட்டில் அடுத்த மாதம் பழைய மொத்தம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். தொகைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, நடுவில் நிறுத்தும் அமைப்பை எடுத்துவிடுங்கள். உண்மையான எண்கள் தாமாக வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் நின்றுவிடுவது எழுத்து. அதை அழித்துவிட்டு வெறும் எண்ணாக அடியுங்கள். ரூபாய்க் குறி பத்தியின் தலைப்பில் ஒரு முறை இருந்தால் போதும். எல்லாத் தொகைக்கும் இரண்டு பைசா இலக்கம் வரும்படி வைத்து வலப்பக்கம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகும் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வரவில்லை என்றால் உங்கள் ஃபான்ட்தான் காரணம். நீங்கள் டிசைனர், உங்களுக்கே தெரியும்: சில அழகான ஃபான்ட்களில் 1 ஒல்லியாகவும் 8 அகலமாகவும் இருக்கும். தலைப்புக்கு அது இருக்கட்டும், எண்களுக்கு எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள ஃபான்ட்டைப் போடுங்கள்.

பிரின்ட்

நீங்கள் திரையில் பார்க்கும் இன்வாய்ஸ், அங்கே கறுப்பு வெள்ளை லேசர் பிரின்ட்டரில் வந்து, இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் ஏறுகிறது. அந்தத் தாளை மனதில் வைத்து வடிவமையுங்கள். கறுப்புப் பட்டையை எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் ஒரே நிறத்தில் லோகோ, இரண்டு சென்டிமீட்டர் உயரம் போதும். ஜிஎஸ்டி எண்ணும் பான் எண்ணும் லோகோ படத்துக்குள் இருக்கவே கூடாது. பிடிஎஃப்பில் அவை எழுத்தாக இருந்தால்தான் அந்த 15 இலக்கத்தையும் காப்பி செய்து தங்கள் மென்பொருளில் ஒட்ட முடியும். படமாக இருந்தால் பார்த்து அடிப்பார்கள், பூஜ்யத்துக்குப் பதில் `O` விழும், அப்புறம் அந்த பில்லும் திரும்பி வரும். இடப்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் ஓரம் விடுங்கள், ஓட்டை அங்கே விழட்டும்.

தாளின் அளவு ஏ4-ஆ என்று பாருங்கள். பல கணினிகளில் அமெரிக்க அளவான `Letter` தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. குட்டையாக இருப்பதால் அடிப்பகுதி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அகலமாக இருப்பதால், ஏ4-இல் அதே அளவில் அடிக்கும்போது வலது ஓரம் வெட்டுப்படும். வலது ஓரத்தில்தான் உங்கள் தொகைப் பத்தி நிற்கிறது. `Page Layout` பகுதியில் `Size` என்பதை `A4` ஆக்குங்கள், `Print Area` குறியுங்கள், `Width` என்பதை `1 page` என்று வையுங்கள். `Height` தானாகவே இருக்கட்டும், அதையும் ஒரு பக்கத்துக்குள் நெருக்கினால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். காலியாக இருக்கும் வேலை வரிசைகளை மறைத்துவிட்டால் உங்கள் மாதிரி மூன்று வேலை பில் தாராளமாக ஒரே பக்கத்தில் முடியும். எப்போதாவது இரண்டு பக்கம் போனால், வேலைப் பட்டியலை உடைத்துக்கொள்ளுங்கள், வரிக்குரிய மதிப்பிலிருந்து மொத்தம் வரையான பகுதியை மட்டும் உடைக்காதீர்கள்.

கையெழுத்து வேண்டும் என்கிறது விதி. கையெழுத்தைப் படமாக ஒட்டினால் அது டிஜிட்டல் கையெழுத்து ஆகாது. பிரின்ட் எடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்புவது பாதுகாப்பு.

இந்த பில்லை இப்போது என்ன செய்வது

அதே எண்ணில் திருத்தி அனுப்ப வேண்டாம். ஒரே எண்ணில் இரண்டு விதமான தொகை அவர்கள் மெயிலில் கிடந்தால் எது நிஜம் என்ற கேள்வி வரும். ரிட்டர்ன் இன்னும் போடவில்லை, அவர்களும் பில்லை ஏற்கவில்லை என்பதால் உங்களுக்கு வழி சுலபம். 014-ஐ ரத்து என்று குறித்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதியில் `DSN/26-27/015` என்று புதிதாகப் போடுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னைப் போடும்போது, வழங்கிய ஆவணங்களின் பட்டியலில் 014-ஐ ரத்தானவற்றில் சேருங்கள். எண் வரிசையில் ஏன் ஓட்டை என்று நாளைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். எண் எப்போதும் 16 எழுத்துக்குள் இருக்கட்டும், அதில் சாய்கோடும் சிறு கோடும் தவிர வேறு குறி வேண்டாம்.

ஒரு நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேவை செய்து முடித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். வேலையை ஒப்படைத்தது எப்போது என்று மெயிலில் பார்த்து, அந்தக் கெடுவுக்குள் 015-ஐ அனுப்பிவிடுங்கள்.

இதற்கு முன் வேறு வெளி மாநில கிளையன்ட்டுக்கு இதே டெம்ப்ளேட்டில் பில் போட்டு, வரியும் கட்டியிருந்தால் அது வேறு கதை. அப்போது ஐஜிஎஸ்டியை இப்போது கட்டிவிட்டு, தவறாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்கலாம், இந்தத் தவறுக்கு வட்டி கிடையாது. ஆனால் இடைக்காலத்தில் உங்கள் பணம் முடங்கும். ஆகவே பதிவு எடுத்த நாளிலிருந்து போட்ட பில்களை எடுத்து, கிளையன்ட் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் இந்த வாரமே ஒரு பார்வை பாருங்கள். 29 இல்லாதவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஓர் ஆடிட்டரிடம் போங்கள்.

015-ஐ அனுப்பும் மெயிலில், 014 ரத்து செய்யப்பட்டது, அதற்குப் பதில் இது, வரிக்குரிய மதிப்பு 62,500, ஐஜிஎஸ்டி 11,250, மொத்தம் 73,750 என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கமும் தொகைப் பத்தியின் கடைசிப் பைசாவும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.